பத்து வயதுப் பிள்ளைக்கு எந்தப் படி?

ஐந்தாம் வகுப்புப் பையன். வாசி என்றதும் அவனுக்குத் தாகம் எடுக்கிறது, வயிறு வலிக்கிறது. வயதுக்கேற்ற புத்தகம் கிடைத்தால் ஆர்வம் வந்துவிடும் என்று நம்பி, ‘9 முதல் 11 வயது’ என்று அட்டையில் போட்ட புத்தகத்தை அம்மா வாங்கி வருகிறார். மூன்றாம் பக்கத்தோடு அது அலமாரிக்குப் போய்விடுகிறது. அட்டையில் இருக்கும் வயது பொதுவான பிள்ளைகளை மனதில் வைத்துப் போட்டது. இந்தப் பையனால் எவ்வளவு வாசிக்க முடியும் என்பதை அது சொல்லாது.

படிநிலை பிரித்த புத்தகங்கள் தமிழில் இன்று தாராளமாகவே இருக்கின்றன. தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் தன் நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்காகப் பிரித்திருக்கிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்திலும் நான்கு நிலைகள். அங்கே முதல் நிலைக் கதை சுமார் 250 சொற்களுக்குள் முடியும். இரண்டாம் நிலை 600 வரை, மூன்றாம் நிலை 1,500 வரை, அதற்கு மேல் நான்காம் நிலை.

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. சொற்கள் எத்தனை என்பது ஒரு கணக்கு. ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு நீளம் என்பது வேறு கணக்கு. ‘ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்பதும் எண்ணிக்கையில் ஒரே சொல்தான். எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை அதன் பாதியைத் தாண்டுவதற்குள் தொடக்கத்தை மறந்துவிடும். மொழிபெயர்த்த கதைகளில் வீட்டில் யாரும் பேசாத ஏட்டுச் சொற்களும் சேர்ந்துகொள்ளும். அதனால் ஒரே நிலையில் உள்ள இரண்டு கதைகளில் ஒன்று எளிதாகவும் மற்றொன்று கடினமாகவும் இருப்பது சாதாரணம்.

எனவே புத்தகத்தைப் பிள்ளையின் வாயால்தான் அளக்க வேண்டும். அமெரிக்கக் கல்வியாளர் எம்மெட் பெட்ஸ் 1946இல் சொன்ன அளவு இன்றும் கைகொடுக்கிறது. நூறு சொல்லுக்கு ஒரு பிழை என்றால் பிள்ளை தனியே வாசிக்கலாம். ஐந்து வரை என்றால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பத்தைத் தாண்டினால் அந்தப் புத்தகம் வெறுப்பைத்தான் வளர்க்கும்.

ஒரு பையனை வைத்தே பார்ப்போம். மூன்றாம் நிலைக் கதை ஒன்றில் 60 சொற்கள் கொண்ட பக்கத்தைச் சத்தமாக வாசிக்கிறான். அப்பா குறுக்கிடாமல், தடுக்கும் இடங்களை மட்டும் தனித் தாளில் குறித்துக்கொள்கிறார். ஒன்பது இடங்கள். நான்கு, நீளமான சொற்கள். மூன்றில் முதல் எழுத்துகளைப் பார்த்து ஊகித்துவிட்டான். ‘பள்ளம்’ என்பதைப் ‘பள்ளி’ என்றான். மீதி இரண்டும் அவன் காதில் விழுந்தே இராத சொற்கள். நூற்றுக்கு 15 பிழை என்பதால் அந்தப் புத்தகத்தை மூடிவிடலாம். இரண்டாம் நிலைக் கதை ஒன்றில் 40 சொற்கள் உள்ள பக்கத்தில் ஒரே ஓர் இடத்தில் தயங்குகிறான். முடித்ததும் என்ன நடந்தது என்று சொந்தமாகச் சொல்கிறான். அப்பா பக்கத்தில் இருக்க, இவன் தொடங்க வேண்டிய இடம் இதுதான். கடகடவென்று வாசித்துவிட்டுக் கதையைச் சொல்லத் தெரியாமல் விழித்திருந்தால், பிழை குறைவாக இருந்தாலும் அது அவனுக்கான புத்தகம் அல்ல.

இங்கேதான் பல வீடுகளில் காரியம் கெடுகிறது. எளிய புத்தகம் என்றதும் பொம்மைக் கரடியும் பலூனும் உள்ள புத்தகத்தை எடுத்துக் கொடுக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அது அவமானம். தங்கை பார்த்துச் சிரித்தால் அன்றோடு வாசிப்பு முடிந்தது. மொழி எளிதாகவும் விஷயம் வயதுக்கேற்றதாகவும் இருக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் பாரிங்டன் ஸ்டோக் பதிப்பகம் இதையே தன் வேலையாக வைத்திருக்கிறது: எட்டு வயது மொழியில் பெரிய பிள்ளைகளுக்கான கதைகள், கண்ணை உறுத்தாத மஞ்சள் சாயல் தாளில். தமிழில் நாம்தான் தேடிப் பொறுக்க வேண்டும். ஸ்டோரிவீவரில் உள்ள சிருங்கேரி சீனிவாஸ் கதை நல்ல உதாரணம். முடி வெட்டிவிடச் சொல்லி ஒருவர் மாற்றி ஒருவரிடம் போய் நிற்கும் வளர்ந்த மனிதர்தான் அதன் நாயகன். ஒரே நிகழ்ச்சி திரும்பத் திரும்ப வருவதால் சொற்கள் பழகிவிடும். சிரிப்பு பெரியவர்களுக்கும் வரும். பாம்பு, விண்வெளி, கிரிக்கெட் பற்றிய படத் தகவல் புத்தகங்களும் சித்திரக்கதைகளும் இதே காரணத்தால் உதவும்.

பொருத்தமான புத்தகம் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. மிக எளிய கதையிலும் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு தொடர்ந்து குழம்புகிறது, சில மாதம் தினமும் வாசித்தும் எழுத்துக்கூட்டுவது வேகம் பிடிக்கவில்லை என்றால், முதலில் கண் பரிசோதனை, பிறகு கற்றல் குறைபாட்டு மதிப்பீடு. மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்ற அமைப்புகள் இதற்கு வழிகாட்டுகின்றன.

ஸ்டோரிவீவர் கதைகளை storyweaver.org.in தளத்தில் காசில்லாமல் வாசிக்கலாம். அங்கே வெவ்வேறு நிலைகளில் நாலைந்து கதைகளைப் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பிறகு புத்தகக் கடைக்குப் போங்கள். எந்தக் கதை என்பதை அவனே தேர்ந்தெடுக்கட்டும். எந்த நிலை என்பது உங்கள் குறிப்புத் தாளோடு இருக்கட்டும்.