நூற்றுக்கும் ஐந்நூற்றுக்கும் நடுவே எத்தனை ஏழுகள்?

100 முதல் 500 வரை 7இன் மடங்குகள் எத்தனை இருக்கும்? ஒவ்வொன்றாக எழுதி எண்ணலாம்தான். ஆனால் எழுதாமலே கண்டுபிடிக்க ஓர் அழகான வழி இருக்கிறது.

முதலில் பட்டியலின் இரண்டு முனைகளையும் பிடிப்போம். 7 × 14 = 98. அது நூற்றுக்குள் நின்றுவிடுகிறது. அடுத்தது 7 × 15 = 105; இதுதான் முதல் எண். மேலே போனால் 7 × 71 = 497. அதற்கடுத்த 504 எல்லையைத் தாண்டிவிடும். ஆக, நம் பட்டியல் 105, 112, 119 என்று போய் 497இல் முடிகிறது.

இப்போது எல்லா எண்களையும் 7ஆல் வகுத்துவிடுங்கள். பட்டியல் 15, 16, 17 என்று மாறி 71இல் முடியும். எண்கள் மாறினாலும் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பது மாறவில்லை. 1 முதல் 71 வரை 71 எண்கள். நமக்கு வேண்டாதவை 1 முதல் 14 வரை உள்ள 14 எண்கள். 71 - 14 = 57. விடை கிடைத்துவிட்டது!

பலர் இங்கே 71இலிருந்து 15ஐக் கழித்து 56 என்பார்கள். 15உம் பட்டியலில் இருக்கிறதே, அதையும் சேர்த்தல்லவா கழித்துவிட்டோம்! சந்தேகம் வந்தால் சின்னப் பட்டியலில் சோதியுங்கள். 7, 14, 21 என்பவை மூன்று எண்கள். அவற்றுக்கு நடுவே இடைவெளிகள் இரண்டுதான். கழித்தால் கிடைப்பது இடைவெளிகளின் எண்ணிக்கை. அதோடு 1 சேர்த்தால்தான் எண்களின் எண்ணிக்கை வரும்.

இந்த ஒன்று ரோமானியர்களையே குழப்பியிருக்கிறது. நான்கு ஆண்டுக்கு ஒரு லீப் ஆண்டு என்று ஜூலியஸ் சீசர் வகுத்தார். அவர் இறந்த பிறகு, பூசாரிகள் இரண்டு முனைகளையும் சேர்த்து எண்ணி, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை லீப் ஆண்டு வைத்துவிட்டார்கள். பின்னால் அகஸ்டஸ் அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

“500 - 100 = 400. அதை 7ஆல் வகுத்தாலும் 57தானே ஈவு?” என்று கேட்கலாம். இங்கே அது சரியாக அமைந்தது தற்செயல். 7ஆல் வகுத்தால் மீதி 3 வரும் எண்களை அதே எல்லைக்குள் எண்ணிப் பாருங்கள். அவை 101, 108 என்று தொடங்கி 500இல் முடியும். ஒவ்வொன்றிலும் 3ஐக் கழித்து 7ஆல் வகுத்தால் 14 முதல் 71 வரை வரும். 71 - 13 = 58. இடமும் அதே, தாவலும் அதே 7. ஆனாலும் ஓர் எண் கூடுதல்! பட்டியல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதைப் பார்க்காமல் வகுத்தால் இந்த ஓர் எண் நழுவிவிடும்.

மீதி 2 வரும் எண்களும் 58தான். 100இல் தொடங்கி 499 வரை போகும். மற்ற மீதிகளுக்கெல்லாம் 57. அப்படியானால் ஐந்து 57களையும் இரண்டு 58களையும் கூட்டுங்கள்: 285 + 116 = 401. 100 முதல் 500 வரை உள்ள மொத்த எண்கள் 400 அல்ல, 401!