பிரேக்கரின் எண்ணை வயரிடம் கேளுங்கள்

சமையலறை எம்.சி.பி. அடிக்கடி டிரிப் ஆனால், பல வீடுகளில் 16 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியரை மாட்டிவிடுகிறார்கள். டிரிப் நின்றுவிடுவதால் பிரச்சினை தீர்ந்தது போலத்தான் இருக்கும். ஆனால் எம்.சி.பி. அங்கே இருப்பது சுவருக்குள் ஓடும் வயர் சூடேறிக் கெடாமல் காப்பதற்காக. அதனால் அதன் எண்ணை வயரை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பிளக் பாயிண்டுகளுக்கு வழக்கமாக இழுக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், பைப்புக்குள் தனியாகப் போனால், 30 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய 24 ஆம்பியர் தாங்கும். நம் கோடையின் 40 டிகிரிக்கு அது 21 ஆகக் குறையும். அதே பைப்பில் இன்னொரு சர்க்யூட்டும் போனால் 17-ஐ ஒட்டி நின்றுவிடும். 2.5 வயருக்கு 16 ஆம்பியர் என்ற பழக்கத்துக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். இதே வழியில் போனால் 1.5 வயருக்கு 10 ஆம்பியர், 4 வயருக்கு 20 ஆம்பியர் என்று வரும்.

ஒரு வீட்டில் 2000 வாட் கீசரும் சமையலறை பிளக்குகளும் ஒரே 2.5 வயரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். கீசருக்கு 8.7, 2000 வாட் இண்டக்ஷன் அடுப்புக்கு இன்னொரு 8.7, ஆக 17.4. இது 16-ஐத் தாண்டியும் எம்.சி.பி. அசையாது. எழுதியிருக்கும் எண்ணைப் போல 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரமாவது பொறுத்துக்கொள்ளும்படிதான் அது செய்யப்படுகிறது. மிக்ஸியும் கெட்டிலும் சேர்ந்து 27 ஆம்பியரைத் தொட்டால் கொஞ்ச நேரத்தில் டிரிப் ஆகிவிடும். அந்த இடத்தில் 32 ஆம்பியர் எம்.சி.பி. இருந்தால் 36 ஆம்பியர் ஓடினாலும் அது வாய் திறக்காது. வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிப்படி ஏறுவது. 17 தாங்கும் வயரில் 27 ஓடினால் சூடு இரண்டரை மடங்கு. பிளாஸ்டிக் உறை மெல்லக் கருகுவதும் பிளக் முகப்பு பழுப்பேறுவதும் இப்படித்தான்.

எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் ஓடுவதில்லையே, தனித்தனி சர்க்யூட் வீண் செலவு அல்லவா என்று கேட்கலாம். விளக்கு, மின்விசிறி, டி.வி. விஷயத்தில் அது சரிதான். ஒரு தளத்து விளக்கு, விசிறிகளையெல்லாம் ஒன்றிரண்டு சர்க்யூட்டில் அடக்கிவிடலாம். ஆனால் காலை ஆறரை மணிக்குக் குளியலறையும் அடுப்படியும் சேர்ந்தேதான் இயங்குகின்றன. சூடாக்கும் கருவிகளும் ஏ.சி.யும் நீண்ட நேரம் முழு மின்னோட்டத்தை இழுப்பவை. ஆகவே கீசர், ஏ.சி., இண்டக்ஷன் ஒவ்வொன்றுக்கும் டி.பி. பெட்டியிலிருந்தே தனி வயர், தனி எம்.சி.பி. வேண்டும். கட்டும்போது கூடுதலாக ஆவது சில சுருள் வயர். பூசிய சுவரை உடைத்துப் பின்னால் போடும்போதுதான் செலவு கையைக் கடிக்கும்.

இத்தனை செய்தும் மனிதருக்குப் பாதுகாப்பு முழுமையாவதில்லை. கீசருக்குள் கசிவு ஏற்பட்டு அதன் உலோக உடலில் மின்சாரம் ஏறியதாகக் கொள்வோம். வீட்டு எர்த் குழியின் தடை 10 ஓம் என்றால் மண்ணுக்குள் போகக்கூடியது 23 ஆம்பியர்தான். பரவலாகப் பயன்படும் சி வகை 16 ஆம்பியர் எம்.சி.பி. உடனே டிரிப் ஆக ஐந்து மடங்கு, அதாவது 80 ஆம்பியராவது வேண்டும். 23 ஆம்பியருக்கு அது ஒரு மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளலாம். அதுவரை கீசர் உடலில் கிட்டத்தட்ட முழு வோல்ட்டேஜும் நிற்கும். எர்த் குழிக்குப் பதிலாக பிளக்கிலேயே எர்த் முனையை நியூட்ரலோடு இணைத்துவிடுவது இதைவிட மோசம். எங்காவது நியூட்ரல் அறுந்தால், கசிவே இல்லாத கருவியின் உடலும் ஷாக் அடிக்கும்.

இந்த இடைவெளியை அடைப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமாக இல்லாவிட்டால் நொடியின் ஒரு பகுதிக்குள் அது துண்டித்துவிடும். அது இருந்தால் எர்த் எதற்கு என்பார்கள். எர்த் இல்லாத வீட்டில் கசிவு வெளியேற வழியில்லை. யாராவது தொட்டு, மின்சாரம் அவர் உடல் வழியே போன பிறகுதான் ஆர்.சி.சி.பி. விழும். எர்த் இருந்தால் கசிந்த கணத்திலேயே விழுந்துவிடும். அதே நேரம், அதற்கு ஓவர்லோடு தெரியாது, எம்.சி.பி.யை எடுத்துவிட முடியாது. ஆர்.சி.சி.பி. சும்மா சும்மா விழுகிறது என்று அதைத் தவிர்த்து நேரடியாக இணைக்கும் பழக்கமும் இருக்கிறது. பல வீடுகளில் அது அப்படி விழுவதற்குக் காரணம் கசிவே அல்ல: இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரல் மற்ற சர்க்யூட்டின் நியூட்ரலோடு எங்கோ ஒரு சுவிட்ச் பெட்டிக்குள் சேர்ந்திருக்கும். எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக ஏற்றி, எதை ஏற்றி லோடு கொடுக்கும்போது விழுகிறது என்று பார்த்து, அந்த இரண்டு நியூட்ரலையும் பிரித்துவிட்டால் ஆர்.சி.சி.பி. விழாமல் நிற்கும்.