பாட்டி தொப்பலா நனைஞ்சா!

‘பிரதம் புக்ஸ்’ 2015-ல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில், படக்கதைகளை யார் வேண்டுமானாலும் தமிழாக்கலாம். காரிமங்கலத்தில் இருக்கும் என் அக்காவின் நாலு வயது மகளுக்காக ஒரு பக்கம் முயன்றேன்.

“திடீரெனக் கொட்டிய மழையில், சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த பாட்டி தொப்பலாக நனைந்தாள்.”

வாசித்ததும், “யாரு நனைஞ்சா?” என்றாள். ஆங்கிலத்தின் ஒரே வாக்கியத்தை அப்படியே ஒன்றாகக் கோத்ததுதான் தப்பு. பாட்டி வருவதற்குள் மழையும் சந்தையும் குழம்பிவிட்டன. நடந்த வரிசையில் உடைத்தேன்.

“பாட்டி சந்தைக்குப் போனாள். சடசடவென மழை வந்தது. பாட்டி தொப்பலாக நனைந்தாள்.”

‘திடீரென’ போய், காதில் விழும் ‘சடசட’ வந்தது. ‘அவள்’ என்று மாற்றாமல் ‘பாட்டி’யையே திரும்பச் சொன்னேன். ‘தொப்பலாக’ புதுச்சொல்தான், ஆனால், சேலையில் நீர் சொட்டும் படமே அர்த்தம் சொல்லிவிட்டது.

எழுத்தைக் கையால் மறைத்து, “என்ன நடந்துச்சு?” என்றேன்.

“மழை சடசட... பாட்டி தொப்பல்!”

சந்தையை மட்டும் விட்டுவிட்டாள். படத்திலும் சந்தை இல்லை.