சோதனைப் பட்டியலில் ஸ்மித் எத்தனை பேர்?

மென்பொருளைச் சோதிக்கப் பல்லாயிரம் பேரின் விவரங்கள் தேவைப்படும். உண்மையான வாடிக்கையாளர்களின் விவரங்களை அதற்கு எடுத்தால் அந்தரங்கம் கெடும். அதனால் இல்லாத ஆட்களுக்குப் பெயர் சூட்டி ஒரு பட்டியல் தயாரிக்கிறார்கள். அதில் ஒவ்வொரு பெயரும் ஊரில் எவ்வளவு புழங்குகிறதோ அதே அளவில் வந்தால்தான் சோதனை பலன் தரும்.

ஆங்கிலப் பெயர்களுக்கு நல்ல அடிப்படை ஒன்று இருக்கிறது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை, 2010 கணக்கெடுப்பிலிருந்து குடும்பப் பெயர்களைத் தொகுத்து வெளியிட்டது. நூறு பேருக்காவது உள்ள பெயர்கள் மட்டும் அதில் இடம்பெற்றன. அப்படி 1,62,253 பெயர்கள். முதலிடத்தில் உள்ள ஸ்மித் என்ற பெயர் 24,42,977 பேருக்கு இருந்தது. அதாவது லட்சத்துக்குச் சுமார் 828 பேர்.

பத்தாயிரம் பேர் கொண்ட பட்டியலை இதிலிருந்து உருவாக்குவதாகக் கொள்வோம். எல்லாப் பெயருக்கும் சம வாய்ப்புக் கொடுத்தால், பெரும்பாலான பெயர்கள் ஒரே ஒரு முறைதான் வரும்; ஸ்மித் வராமலே போகலாம். பக்கத்துக்கு 20 பேரைக் காட்டும் தேடல் திரையில் எந்தப் பெயரைத் தேடினாலும் ஓரிருவரே கிடைப்பார்கள். அடுத்த பக்கத்துக்குப் போகும் வசதி பழுதாக இருந்தாலும் யாருக்கும் தெரியாது. புழக்கத்துக்கு ஏற்ற எடை கொடுத்தால் ஸ்மித் 83 முறை வரவேண்டும். அப்போது ஐந்து பக்கங்கள் வரும், பழுதும் வெளிப்படும்.

எடை கொடுப்பதற்குப் பைத்தான் மொழியில் ஒரு வரி போதும்:

```python
import random
r = random.Random(42)
people = r.choices(names, weights=counts, k=10000)
```

அடைப்புக்குறிக்குள் உள்ள 42 ஒரு தொடக்க எண். அதை மாற்றாதவரை ஒவ்வொரு முறையும் அதே பட்டியல் கிடைக்கும். இன்று கண்ட பிழையை நாளை மறுபடி வரவழைக்க இது தேவை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நூறு பேருக்கும் குறைவாக உள்ள அரிய பெயர்கள் பட்டியலில் இல்லை. ஆனால் அவற்றை வைத்திருப்போர் மக்கள்தொகையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அவர்களை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் ஸ்மித்தின் எண்ணிக்கை 83க்குப் பதில் 92 ஆகிவிடும். ‘பிற’ என்று ஒரு இனத்தைச் சேர்த்து, அதற்கு அந்தப் பத்தில் ஒரு பங்கு எடையைக் கொடுத்து, அது விழும்போதெல்லாம் புதிதாக ஓர் அரிய பெயரைப் புனைவதே தீர்வு.

முதற்பெயருக்குப் பிறந்த ஆண்டும் வேண்டும். அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதல் ஆண்டுவாரியாகப் பிறந்த குழந்தைகளின் பெயர்களை வெளியிடுகிறது. லிண்டா என்ற பெயர் 1947 முதல் 1952 வரை பெண் குழந்தைகளுக்கு அதிகம் வைக்கப்பட்டது. ஆகவே முதலில் வயதையும் பாலினத்தையும் தீர்மானித்து, அதன்பிறகே அந்த ஆண்டுப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க வேண்டும்.

தமிழ்ப் பெயருக்கு இந்த வார்ப்பு பொருந்தாது. பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் தலைப்பெழுத்துதான் உண்டு. தலைப்பெழுத்தைத் தனியாகக் குலுக்கி எடுத்தால் தவறாகும். தந்தை தலைமுறையில் புழங்கிய பெயர்களிலிருந்து ஒன்றை முதலில் எடுத்து, தலைப்பெழுத்தை அதிலிருந்து பெற வேண்டும். சண்முகம், சுப்பிரமணியன், செல்வராஜ் ஆகிய மூவரின் பிள்ளைகளுக்கும் ஆங்கிலத்தில் `S` என்றே வரும், தமிழில் ச., சு., செ. எனப் பிரியும். தந்தை பெயரையே வைத்திருந்தால் இரண்டு வடிவமும் தாமாகச் சரியாக அமையும். திருமணத்துக்குப் பின் சில பெண்கள் கணவர் பெயரின் தலைப்பெழுத்துக்கு மாறுவதால், ஒருவருக்கே இரண்டு தலைப்பெழுத்துகள் கொண்ட பதிவுகளும் சிறிதளவு வேண்டும்.

அடுத்தது ஆங்கில எழுத்துக்கூட்டல். லட்சுமி என்பதை `Lakshmi`, `Laxmi`, `Letchumi` என்றெல்லாம் எழுதுகிறார்கள். தமிழ்ப் பெயரைத் தேர்ந்தபின், எழுத்துக்கூட்டலையும் அதன் புழக்கத்துக்கேற்ப இரண்டாவது முறை தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே ஆளை இரு ஆளாக எண்ணும் பிழை அப்போதுதான் அகப்படும். பெயரின் நீளமும் சோதனைக்குரியது. செந்தில்குமார் கண்ணுக்கு ஏழு எழுத்து. யூனிகோடில் 14 குறிகள். யுடிஎஃப்-8 முறையில் 42 பைட்டுகள். 40 பைட்டு இடம் ஒதுக்கிய தரவுத்தளத்தில் கடைசி எழுத்து சிதையும்.

எண்ணிக்கைகளை எங்கே பெறுவது? ஒரு நிறுவனம் தன்னிடமுள்ள பதிவுகளை உரிய அனுமதியோடு எண்ணலாம். முழுப்பெயரை எடுக்காமல், பெயர் தனி, தந்தை பெயர் தனி என்று பிரித்தே எண்ண வேண்டும். மிகச் சிலருக்கே உள்ள பெயர் அந்த ஆளையே காட்டிக்கொடுக்கும் என்பதால் அதை நீக்க வேண்டும். அமெரிக்கத் துறைகள் குறைந்தபட்ச எண்ணிக்கை வைப்பதும் இதற்காகவே. அந்த நிறுவனத்துக்கு வருவோரின் ஊர், மதம், வயதுக் கலவையே எண்ணிக்கையில் தெரியும் என்பதால், அதை வேறு ஊருக்கு அப்படியே பயன்படுத்த முடியாது.

முடிவில் பட்டியலைச் சரிபார்க்க இரண்டு எண்கள் போதும்: முதல் பத்துப் பெயர்களின் பங்கு, ஒரே முறை வந்த பெயர்களின் பங்கு. இவை மூலப் பதிவுகளிலிருந்து அதே அளவில் எடுத்த மாதிரியோடு ஒத்துப்போனால் பட்டியலை நம்பிப் பயன்படுத்தலாம்.