ஒரு குளோரின் அணுகூட 35.45 இல்லை

தனிம வரிசை அட்டவணையில் குளோரினின் அணு நிறை 35.45 என்று இருக்கும். ஆனால் அந்த நிறையுள்ள குளோரின் அணுவை உலகில் எங்கு தேடினாலும் கிடைக்காது.

எல்லாத் தனிமங்களின் நிறையும் ஹைட்ரஜன் நிறையின் முழு மடங்காகவே இருக்க வேண்டும் என்று 1815-இல் இங்கிலாந்தின் வில்லியம் பிரவுட் எழுதினார். கார்பன், ஆக்சிஜன் போன்றவை அதற்கு ஏறத்தாழ ஒத்துவந்தன. குளோரின் மட்டும் எத்தனை கவனமாக எடைபோட்டாலும் முப்பத்தைந்தரைக்குப் பக்கத்திலேயே நின்றது. பிரவுட்டின் கருத்தைப் பலர் கைவிட இது ஒரு முக்கியக் காரணம்.

முடிச்சை அவிழ்த்தவர் கேம்பிரிட்ஜின் பிரான்சிஸ் ஆஸ்டன். மின்னேற்றம் பெற்ற அணுக்களை மின்புலத்திலும் காந்தப்புலத்திலும் வளைத்து, நிறைவாரியாகப் பிரித்து, புகைப்படத் தகட்டில் விழச்செய்யும் கருவியை அவர் 1919-இல் உருவாக்கினார். குளோரினைச் செலுத்தியபோது தகட்டில் 35-லும் 37-லும் கோடுகள் விழுந்தன. 35.5 இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

இரண்டு வகை அணுக்களிலும் 17 புரோட்டான்கள். அதனால் இரண்டும் குளோரின்தான். சோடியத்தோடு சேர்ந்தால் இரண்டும் உப்பாகும். வேறுபாடு நியூட்ரானில் மட்டும்: ஒன்றில் 18, மற்றதில் 20. இப்படிப்பட்டவையே ஐசோடோப்புகள். வேதிவினைகளில் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்வதால்தான் சாதாரண ஆய்வுக்கூடச் சோதனைகளில் இத்தனை காலம் பிடிபடவில்லை.

இயற்கையில் கிடைக்கும் நூறு குளோரின் அணுக்களில் ஏறக்குறைய 76 இலகுவானவை, 24 கனமானவை. 35-ஐ 76-ஆலும் 37-ஐ 24-ஆலும் பெருக்கிக் கூட்டி நூறால் வகுத்தால் 35.48 வரும். அட்டவணையிலோ 35.45. மீதி எங்கே போனது? 35, 37 என்பவை புரோட்டான், நியூட்ரான்களின் எண்ணிக்கை, எடை அல்ல. அணுக்கருவாகப் பிணையும்போது துகள்கள் நிறையில் சிறிதளவை ஆற்றலாக இழக்கின்றன. கார்பன்-12 அணுவைச் சரியாக 12 என்று வைத்து அளந்தால், இவற்றின் உண்மையான நிறை 34.97, 36.97. அவற்றைப் போட்டுப் பாருங்கள், 35.45 வந்துவிடும். இயற்கையில் ஒரே ஐசோடோப்பு உள்ள சோடியத்துக்கும் தசமம் வருவது இதனால்தான்.

சராசரி என்பது கலவையைப் பொறுத்தது. கலவை மாறினால் எண்ணும் மாறும். இதற்குக் காரீயமே நல்ல சாட்சி. யுரேனியம் சிதைந்தால் கடைசியில் காரீயம்-206 ஆகிறது, தோரியம் சிதைந்தால் காரீயம்-208. 1914-இல் அமெரிக்காவின் தியோடர் ரிச்சர்ட்ஸ் கதிரியக்கத் தாதுக்களிலிருந்து எடுத்த காரீயத்தை அளந்தபோது, அது சாதாரணக் காரீயத்தைவிட இலகுவாக இருந்தது. சோடியத்தின் நிறையை எட்டுத் தசம இடங்கள் வரை, 22.98976928 என்று சொல்ல முடிகிறது. காரீயத்துக்கு அட்டவணையில் 207.2 என்று ஓர் இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.