திரைச்சீலையில் ஏறும் உண்ணி

நாய்க்கு மருந்து போட்டாயிற்று, உடம்பில் ஓர் உண்ணிகூட இல்லை. மூன்று வாரம் கழித்துத் திரைச்சீலையின் மேல்மடிப்பில் கடுகைவிடச் சிறிய புள்ளிகள் ஊர்கின்றன. எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். மருந்து தோற்றுவிட்டது என்றே நினைத்தோம். அது தவறு.

பழுப்பு நாய் உண்ணி வாழ்நாளில் மூன்று முறை இரத்தம் குடிக்கும். ஒவ்வொரு முறையும் நாயை விட்டு இறங்கி, தோலுரிக்கவோ முட்டையிடவோ மறைவிடம் தேடும். மேல்நோக்கி ஏறுவது அதன் இயல்பு. அதனால்தான் சுவர் வெடிப்பு, கதவு நிலை, திரைச்சீலை. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மருந்து போடுவதற்கு முன்பே இறங்கியவை இட்ட முட்டைகளே இப்போது பொரிக்கின்றன.

இரை இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கக்கூடியவை இவை. எனவே நாய்க்கான மருந்தை, கால்நடை மருத்துவர் சொன்ன இடைவெளியில், பல மாதம் நிறுத்தாமல் தொடர வேண்டும். பசியோடு ஏறுபவை அங்கேயே சாகும். திரைச்சீலையை வெந்நீரில் துவைத்து, வெடிப்புகளை வாக்வம் கிளீனரால் உறிஞ்சிய பிறகு சிமெண்ட் பூசி அடையுங்கள். பிடித்த உண்ணியை நசுக்காமல் சோப்புநீரில் போடுங்கள். பூனை இருக்கும் வீட்டில் பெர்மெத்ரின் தெளிக்கவே கூடாது. பூனைக்கு அது நஞ்சு.