பழைய படம், புதிய பார்வை

1990களில் வளர்ந்த பெற்றோர் அக்காலப் படங்களைப் பதின்பருவப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது, எது காலத்தைத் தாண்டி நிற்கிறது என்பதை ஒரு கேள்வி காட்டிக்கொடுக்கும்: படம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது?

1999இல் வந்த ‘படையப்பா’வில் நீலாம்பரியாக ரம்யா கிருஷ்ணனின் நடிப்பு இன்றும் மங்கவில்லை. ஆனால், பெண் எப்படி இருக்க வேண்டும் என்று நாயகன் அவளுக்குப் பாடம் எடுக்கும் இடம் இன்றைய பிள்ளைகளுக்கு உறுத்தும். படம் அங்கே நாயகனுக்கே கைதட்டல் கேட்கிறது.

1994இல் வந்த ‘மகளிர் மட்டும்’ வேறு வகை. பெண் ஊழியர்களுக்குத் தொல்லை தரும் மேலதிகாரியாக நாசர். அவரை எதிர்கொள்பவர்களாக ரேவதி, ஊர்வசி, ரோகிணி. கேலிக்கு ஆளாவது தொல்லை தருபவர்தான். அதனாலேயே அது பழசாகவில்லை.

உறுத்தும் காட்சியை ஓட்டிவிட வேண்டாம். பார்த்துவிட்டுப் பிள்ளைகளுடன் பேசுங்கள்.